இல்லை என்றால் உள்ளே வரலாம்

சிவகாசியில் ஆடிப்பெருக்கை ஒட்டி அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் ஆல்பத்தை வெளியிடுவார்கள். அதற்கடுத்த சில வாரங்களுக்கு அச்சகங்களில் மெயில் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும். நான் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அச்சகத்தில், அப்படி ஒரு வாரத்தில், கோயம்புத்தூர் ஏஜெண்டுக்கு அனுப்பிய விலைப்பட்டியல் திரும்பி வந்தது. அடுத்து சேலம். மதியத்துக்குள் ஹூப்ளியும் சேர்ந்துகொண்டது. உரிமையாளர் போனில் கூப்பிட்டார்.

“தம்பி, அனுப்புற மெயில் எல்லாம் சுவத்துல அடிச்ச பந்து மாதிரி திரும்பி வருது. என்னன்னு பாரு.”

“திரும்பி வந்ததுல கீழ இங்கிலீஷ்ல ஒரு வரி இருக்கும் அண்ணாச்சி. அதை மட்டும் எனக்கு அனுப்புங்க.”

வந்த வரி இது:

```
554 5.7.1 Service unavailable; Client host [203.0.113.45]
blocked using zen.spamhaus.org
```

அடைப்புக்குள் இருப்பது அச்சகத்தின் இணைய முகவரி. (நிஜ முகவரியை இங்கே போடவில்லை. 203.0.113 என்று தொடங்கும் எண்கள் எழுத்தில் காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை.) 554 என்றால் முடிவான மறுப்பு, பிறகு முயன்று பார் என்றுகூடச் சொல்லவில்லை. மறுத்தது கோயம்புத்தூர் சர்வர். ஆனால் அது தன் சொந்தக் கணக்கில் மறுக்கவில்லை. கடைசிச் சொல்லில் ஒரு மூன்றாம் ஆளைக் கை காட்டுகிறது. அந்த மூன்றாம் ஆளிடம் கோயம்புத்தூர் சர்வர் என்ன கேட்டது, அவர் என்ன சொன்னார் என்பதுதான் விஷயம். கேட்டது ஒரே கேள்வி. அதற்கும் பதிலுக்கும் சேர்த்து ஒரு விநாடிகூட ஆகியிருக்காது.

மெயில் அனுப்புகிறவரின் பெயரை யாரும் நம்புவதில்லை. “அனுப்புநர்” என்ற இடத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். கடித உறையின் பின்பக்கத்தில் கலெக்டர் என்று எழுதி அனுப்புவதைப் போல. ஆனால் ஒரு சர்வர் இன்னொரு சர்வரின் கதவைத் தட்டும்போது, இருவரும் பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே சில தகவல் துண்டுகள் போய்த் திரும்பியாக வேண்டும். பொய்யான எண்ணைக் கொடுத்தால் பதில் வேறெங்கோ போய்விடும், பேச்சே நடக்காது. ஆகவே தட்டுகிறவரைப் பற்றிப் பெறுகிற சர்வருக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்: எந்த ஐபி முகவரியிலிருந்து வந்திருக்கிறார் என்பது. கடிதத்தின் ஒரு எழுத்தைக்கூட வாங்காமல், அந்த நான்கு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, இந்த ஆள் குப்பை மெயில் அனுப்புகிறவனா என்று விசாரிக்க முடிந்தால் எவ்வளவு வேலை மிச்சம்!

விசாரிக்க ஒரு பட்டியல் வேண்டும். கோடிக்கணக்கான முகவரிகளைக் கொண்ட, நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிற பட்டியல். உலகில் உள்ள ஒவ்வொரு மெயில் சர்வரும் அதைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்வது நடக்கிற காரியமல்ல. இந்த இடத்தில்தான் யாரோ ஒருவர் டிஎன்எஸ்ஸை நினைத்திருக்கிறார்.

டிஎன்எஸ் என்பது இணையத்தின் முகவரிப் புத்தகம். ஒரு பெயரைச் சொன்னால் அதற்குரிய எண்ணைத் தரும். அந்தப் பெயர் இல்லையென்றால், அப்படியொரு பெயரே கிடையாது என்று திட்டவட்டமாகச் சொல்லும். எல்லா சர்வரிலும் ஏற்கெனவே இருக்கிறது, வேகமானது, ஒருமுறை கேட்ட பதிலைக் கொஞ்ச நேரம் நினைவிலும் வைத்துக்கொள்ளும். தடைப்பட்டியல்காரர்கள் செய்த தந்திரம், இந்தப் புத்தகத்தில் இல்லாத ஊர்களுக்குப் பெயர் எழுதி வைத்தது. ஒரு முகவரி கெட்டது என்றால், அந்த எண்ணையே பெயராக்கித் தங்கள் டொமைனுக்குக் கீழே ஒரு பதிவு போட்டுவிடுவார்கள். நல்லது என்றால் எதுவும் எழுதமாட்டார்கள். பிறகு எந்த சர்வர் வேண்டுமானாலும் “இந்தப் பெயர் இருக்கிறதா?” என்று கேட்டுக்கொள்ளலாம். இருக்கிறது என்றால் ஆள் பட்டியலில் இருக்கிறான். இல்லை என்றால் உள்ளே வரலாம்.

அச்சகத்தின் முகவரியை நானே கேட்டுப் பார்த்தேன்:

```
$ host 45.113.0.203.zen.spamhaus.org
45.113.0.203.zen.spamhaus.org has address 127.0.0.4
```

முகவரி 203.0.113.45. கேள்வியில் இருப்பதோ 45.113.0.203. புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் இடறுவது இங்கேதான். ஒவ்வொரு எண்ணும் அப்படியே இருக்கிறது. 45 என்பது 54 ஆகவில்லை. நான்கு எண்களின் வரிசை மட்டும் திரும்பியிருக்கிறது.

ஏன் என்பதற்கு ஒரு தபால் உறையைப் பார்த்தால் போதும். கதவு எண், தெரு, ஊர், மாவட்டம் என்று சிறியதிலிருந்து பெரியதற்கு எழுதுகிறோம். அதே உறையில் பின்கோடு நேர் எதிர்த் திசையில் போகிறது: 626123 என்பதில் முதல் 6 தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய பெரிய வட்டம், கடைசி மூன்று இலக்கங்கள் கடிதம் பட்டுவாடா ஆகிற குறிப்பிட்ட தபால் நிலையம். டொமைன் பெயர் முகவரியைப் போல எழுதப்படுகிறது: zen.spamhaus.org என்பதில் கடைசியில் வரும் org தான் மாவட்டம், zen தான் கதவு எண். ஐபி முகவரி பின்கோடைப் போல: 203 பெரிய வட்டம், 45 ஒரு தனி வீடு. பின்கோடு வரிசையில் இருப்பதை முகவரி வரிசைக்குள் ஒட்ட வேண்டுமென்றால் திருப்பிப் போட்டுத்தானே ஆகவேண்டும்.

இது வெறும் ஒழுங்குக்காக இல்லை. டிஎன்எஸ் பெயரைப் பின்னாலிருந்து முன்னால் படிக்கிறது: முதலில் org, அதற்குள் spamhaus, அதற்குள் zen, பிறகு 203, 0, 113, கடைசியாக 45. திருப்பிய பிறகு பக்கத்துப் பக்கத்து முகவரிகள் எல்லாம் ஒரே கிளையில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. 203.0.113 என்று தொடங்கும் 256 முகவரிகளும் ஒரே குப்பைக்காரன் கையில் இருந்தால், `*.113.0.203` என்று நட்சத்திரம் போட்ட ஒரே பதிவு மொத்தத் தெருவையும் அடைத்துவிடும். திருப்பாமல் விட்டிருந்தால், 45 என்ற கிளைக்குக் கீழே உலகத்தின் எல்லாத் தெருக்களிலும் உள்ள 45ஆம் நம்பர் வீடுகள் கூடியிருக்கும். அதனால் யாருக்கு என்ன பயன்?

இந்த வழக்கம் தடைப்பட்டியல்காரர்கள் கண்டுபிடித்ததும் அல்ல. எண்ணைக் கொடுத்துப் பெயரைத் தேடுவதற்கு டிஎன்எஸ்ஸில் ஆதியிலிருந்தே in-addr.arpa என்ற பகுதி உண்டு. அங்கும் இதே தலைகீழ் வரிசைதான். அதைக் கடன் வாங்கினார்கள். 1990களின் நடுவில் பால் விக்ஸி, டேவ் ராண்ட் முதலானவர்கள் தொடங்கிய முயற்சியில், 1997 வாக்கில், முதல் பட்டியல் வந்தது. முதலில் அது கேள்வி கேட்கிற பட்டியலாகவே இல்லை. குப்பை அனுப்பும் முகவரிகளுக்குப் போகும் பாதையையே ரவுட்டர்களில் அடைத்துவிடுகிற ஏற்பாடு. போன தகவல் கருந்துளைக்குள் விழுந்தது மாதிரி மறைந்துவிடும். அது கோடாலி வைத்தியம். மெயிலை மட்டும் மறுத்தால் போதும் என்கிறவர்களுக்காக எரிக் ஜீகாஸ்ட் அதை டிஎன்எஸ் வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்தார். அவர்கள் அமைப்பின் சுருக்கப் பெயர் MAPS. திருப்பிப் படித்தால் SPAM. முகவரியைத் தலைகீழாக்கிக் கேட்கிறவர்களுக்குப் பொருத்தமான குறும்புதான். இந்த முறையை முறையாக எழுதிவைத்த ஆவணம், ஆர்எஃப்சி 5782, வந்தது 2010இல்தான். பத்தாண்டுக்கும் மேலாக உலகம் முழுவதும் ஓடிக்கொண்டிருந்த ஒரு பழக்கத்துக்குப் பிறகு எழுதிய இலக்கணம் அது.

பதிலுக்கு வருவோம். 127.0.0.4 என்று வந்ததே, அது எந்த ஊர்? எந்த ஊரும் இல்லை. 127 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாம் ஒரு கணினி தனக்குத் தானே பேசிக்கொள்வதற்கு ஒதுக்கியவை, வெளியே போகாதவை. தவறிப்போய் யாராவது அந்த எண்ணுக்கு இணைப்புப் போட முயன்றாலும் வேறு யார் கதவும் தட்டப்படாது. அதனால்தான் சமிக்ஞைக்கு அதைத் தேர்ந்தெடுத்தார்கள். முகவரி மாதிரி இருக்கும், ஆனால் முகவரி அல்ல. கடைசி எண்ணில்தான் சேதி இருக்கிறது.

1998இல் லண்டனில் ஸ்டீவ் லின்ஃபோர்ட் தொடங்கிய ஸ்பாம்ஹாஸ் இதில் மிகப் பரவலாகப் பயன்படுவது. அதன் zen பட்டியல், பல பட்டியல்களை ஒன்றாகக் கட்டியது. 127.0.0.2 வந்தால், குப்பை மெயில்காரர்களின் சொந்த இடம் என்று ஆட்கள் ஆராய்ந்து சேர்த்தது. 127.0.0.4 வந்தால், வைரஸ் பிடித்த கணினி ஒன்று அந்த முகவரிக்குப் பின்னாலிருந்து குப்பை அனுப்புகிறது. 127.0.0.10 அல்லது 11 வந்தால் அது குற்றச்சாட்டே இல்லை: வீட்டு பிராட்பேண்ட் மாதிரியான இணைப்பு இது, இங்கிருந்து நேரடியாக மெயில் சர்வர் பேச வேண்டிய அவசியமில்லை என்பது மட்டும்தான். இந்த வித்தியாசம் தெரியாமல், “என்னை எப்படிக் கறுப்புப் பட்டியலில் போடலாம்” என்று கொதித்துப்போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கு வந்தது 4. ஆக, அச்சகத்துக்குள்ளே ஏதோ ஒரு கணினி நோயாளி. மெயில் சர்வர் அல்ல. அதன் பதிவேட்டைப் பார்த்தேன், அன்று போன மெயில்கள் எல்லாம் அச்சகத்துடையவை. ஆனால் வெளியே இருந்து பார்ப்பவருக்கு அச்சகத்தின் எல்லாக் கணினிகளும் ஒரே முகவரிதான். ரவுட்டர் என்ற ஒற்றை வாசல் வழியாகத்தானே எல்லாம் போகின்றன. உள்ளே பதினைந்து பேர் இருந்தாலும் தெருவுக்குத் தெரிவது ஒரே கதவு எண்.

இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். ஸ்பாம்ஹாஸ் தளத்தில் முகவரியைக் கொடுத்து நீக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டேன், நீங்கியது, மெயில் போனது. அண்ணாச்சி சந்தோஷப்பட்டார். மறுநாள் காலை மறுபடியும் 127.0.0.4. நோயைப் பார்க்காமல் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டதன் பலன். அதற்குப் பிறகுதான் ரவுட்டரின் இணைப்புப் பட்டியலைத் திறந்தேன். சர்வருக்கும் சர்வருக்கும் நடுவே மெயில் போவது 25ஆம் போர்ட் வழியாக. மெயில் சர்வரைத் தவிர வேறெந்தக் கணினிக்கும் அங்கே வேலையில்லை. ஆனால் 192.168.1.23 என்ற ஒரு கணினி, பெயர் தெரியாத நாடுகளின் முகவரிகளுக்கெல்லாம் 25ஆம் போர்ட்டில் வரிசையாகக் கதவு தட்டிக்கொண்டிருந்தது. டிசைன் பிரிவில், வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென் டிரைவைச் செருகுவதற்கென்றே வைத்திருந்த கணினி.

அதைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். கூடவே, மெயில் சர்வரைத் தவிர யாரும் 25ஆம் போர்ட்டில் வெளியே போகக்கூடாது என்று ரவுட்டரில் ஒரு விதி போட்டேன். இதை முதலிலேயே போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. பிறகு மறுபடி நீக்கச் சொன்னோம். மறுநாள் கேட்டதற்குக் கிடைத்த பதில்:

```
$ host 45.113.0.203.zen.spamhaus.org
Host 45.113.0.203.zen.spamhaus.org not found: 3(NXDOMAIN)
```

NXDOMAIN, அப்படியொரு பெயர் கிடையாது. எத்தனையோ இடங்களில் பிழைச்செய்தியாக வந்து எரிச்சலூட்டும் வார்த்தை. அன்று அதைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது.

அந்த டிசைன் கணினி குப்பை அனுப்பியது லண்டன்காரர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று அண்ணாச்சி கேட்டார். இதற்கென்றே பொறி முகவரிகள் உண்டு. எந்த மனிதரும் பயன்படுத்தாத, எங்கும் கொடுக்காத மெயில் முகவரிகள் அவை. அதற்கு ஒரு மெயில் வந்தால், அனுப்பியவர் முகவரிகளை வாரியெடுத்து வீசுகிறவர் என்றுதான் அர்த்தம். தவிர, வைரஸ் போட்ட மெயில் நிரல்கள் கதவு தட்டும்போது தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும் விதமே ஒழுங்கான சர்வர்களுடையதிலிருந்து மாறியிருக்கும். அனுபவப்பட்டவர்கள் அந்த முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்போது கதவின் மறுபக்கம். பெறுகிற சர்வர் இதை எப்படிப் பயன்படுத்துகிறது? போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் நிரலில் ஒரு வரி போதும்:

```
reject_rbl_client zen.spamhaus.org
```

யாராவது வந்து கதவைத் தட்டினால், போஸ்ட்ஃபிக்ஸ் அவர் முகவரியைத் திருப்பி, பின்னால் பட்டியலின் பெயரை ஒட்டி, டிஎன்எஸ்ஸிடம் கேட்கிறது. பதில் வந்தால் 554 சொல்லி அனுப்பிவிடுகிறது. கடிதத்தின் உள்ளடக்கத்தை வாங்குவதற்கு முன்பே இது முடிந்துவிடுவதால், மறுத்துவிட்டோம் என்பதை உரியவருக்குச் சொல்லும் பொறுப்பு அனுப்பிய சர்வரிடமே இருக்கிறது. எங்கள் அச்சகத்துக்கு அந்த 554 வரி வந்ததும் எங்கள் சர்வர் எழுதிய கடிதத்தில்தான். இப்படி வாசலிலேயே மறுக்காமல், வாங்கி வைத்துக்கொண்டு பிறகு திருப்பி அனுப்புகிற சர்வர்களும் உண்டு. அது தவறு. குப்பை மெயிலில் அனுப்புநர் பெயர் பொய்யாகத்தான் இருக்கும். திருப்பி அனுப்பினால், சம்பந்தமே இல்லாத ஒருவரின் பெட்டியில் போய் விழும்.

பட்டியல் யாரையும் தடுப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது ஓர் அபிப்பிராயம். தடுப்பது, அந்த அபிப்பிராயத்தைக் கேட்டு நடக்கிற சர்வர். ஆனாலும் கோபம் பட்டியல்மீதுதான் பாய்கிறது. அமெரிக்காவில் e360 என்ற விளம்பர மெயில் நிறுவனம் ஸ்பாம்ஹாஸ்மீது வழக்குப் போட்டது. ஸ்பாம்ஹாஸ் பாதியிலேயே வாதத்திலிருந்து விலகிக்கொள்ள, 2006இல் 1.17 கோடி டாலர் நஷ்ட ஈடு என்று தீர்ப்பானது. தொகைக்கு எதிராக மேல்முறையீடு, மறு விசாரணை, மீண்டும் மேல்முறையீடு. 2011இல் கடைசித் தொகை: மூன்று டாலர்.

சரி, இந்த அமைப்பின் பலவீனம் எங்கே? அந்த ஒற்றை வரியை மறுபடி பாருங்கள். “பதில் வந்தால் மறு” என்கிறது. என்ன பதில் என்று பார்க்கவில்லை. “இருக்கிறதா?” என்று கேட்டு “இல்லை” என்ற பதிலையே நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளும் முறை இது. அப்படியானால், இல்லை என்று சொல்ல வேண்டிய வாய் ஒரு நாள் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

2021 ஜனவரி 31, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்பாம்காப் என்ற பழைய, நல்ல பெயருள்ள பட்டியல். அப்போது சிஸ்கோ நிறுவனத்தின் கையில் இருந்தது. அதன் spamcop.net டொமைனைப் புதுப்பிக்க மறந்துவிட்டார்கள். காலாவதியான டொமைனுக்கு வழக்கமாக நடப்பதுதான் நடந்தது: அந்தப் பெயருக்குக் கீழே எதைக் கேட்டாலும் ஒரு விளம்பரப் பக்கத்தின் முகவரி பதிலாக வரத் தொடங்கியது. உலாவியில் பார்ப்பவருக்கு அது வெறும் விளம்பரம். ஆனால் bl.spamcop.net இடம் கேட்டுக்கொண்டிருந்த மெயில் சர்வர்களுக்கு? 45.113.0.203.bl.spamcop.net இருக்கிறதா? இருக்கிறது. பக்கத்து முகவரி? அதுவும் இருக்கிறது. வங்கி, பல்கலைக்கழகம், எது கேட்டாலும் இருக்கிறது. யாரும் யாரையும் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆனால் உலகமே பட்டியலில் இருந்தது. பல நாடுகளில் சர்வர்கள் வந்த மெயிலையெல்லாம் மறுத்துத் தள்ளின. டொமைனை அன்றே மீட்டுவிட்டார்கள். ஆனால் டிஎன்எஸ்ஸின் ஞாபகசக்தி இந்த இடத்தில் எதிரியாகிவிட்டது. ஆங்காங்கே நினைவில் தங்கிவிட்ட தவறான பதில்கள் காலாவதியாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அன்று அடிபடாத சர்வர்களும் இருந்தன. அவை கேட்ட கேள்வியும் இதேதான். வித்தியாசம் சில எழுத்துகள்:

```
reject_rbl_client bl.spamcop.net=127.0.0.2
```

பதில் வந்தால் மட்டும் போதாது, 127.0.0.2 என்றே வரவேண்டும் என்கிறது இந்த வரி. விளம்பரப் பக்கத்தின் முகவரி 127இல் தொடங்காது. ஆகவே அந்தப் பதிலை இது கண்டுகொள்ளாது. கையேட்டில் எப்போதிருந்தோ இருக்கிற வசதி. ஒற்றை வரியை எங்கிருந்தோ பிரதி எடுத்து ஒட்டுகிறவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள்.

இதே குழியின் இன்னொரு வாய், தினமும் யாராவது விழுவது. புது சர்வர் நிறுவுகிறவர், டிஎன்எஸ் கேள்விகளுக்கு 8.8.8.8 போன்ற பொதுச் சேவையைப் போட்டுவிடுகிறார். அந்த வழியாகக் கேட்டால், கேட்பது யார், ஒரு நாளைக்கு எத்தனை கேட்கிறார் என்று ஸ்பாம்ஹாஸுக்குத் தெரியாது. சிறிய பயனீட்டுக்குத்தான் அவர்கள் இலவசம். ஆகவே பொதுச் சேவை வழி வரும் கேள்விகளுக்கு 127.255.255.254 என்று ஒரு பதில் கொடுக்கிறார்கள். பொருள்: “உன் முகவரியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, சரியான வழியில் வந்து கேள்.” பதிலின் உள்ளே பார்க்காத சர்வர், ஆஹா பதில் வந்துவிட்டது என்று அந்த நல்ல மெயிலைத் தள்ளிவிடும். புது சர்வர், எல்லா மெயிலும் மறுப்பு, மறுப்பு வரியில் எல்லோருக்கும் ஒரே பட்டியல் பெயர் என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். தீர்வு, சர்வரிலேயே ஒரு சிறிய டிஎன்எஸ் நிரலை ஓடவிட்டு, நேரடியாகக் கேட்கச் செய்வது. வரியில் `=127.0.0.[2..11]` சேர்ப்பது.

ஒரே பட்டியலின் சொல்லுக்குத் தலையை வெட்டாமல், மதிப்பெண் போடுகிற வழியும் உண்டு. என் சர்வர்களில் நான் வைத்திருப்பது இப்படி:

```
postscreen_dnsbl_action = enforce
postscreen_dnsbl_threshold = 3
postscreen_dnsbl_sites =
    zen.spamhaus.org=127.0.0.[2..11]*3
    bl.spamcop.net=127.0.0.2*2
    list.dnswl.org=127.0.[0..255].[1..3]*-2
```

மூன்று மதிப்பெண் சேர்ந்தால் மறுப்பு. ஸ்பாம்காப் மட்டும் சொன்னால் இரண்டுதான், ஆள் உள்ளே வரலாம். கடைசி வரி தலைகீழான பட்டியல்: நல்லவர்களின் பட்டியல். அதில் இருந்தால் இரண்டு மதிப்பெண் கழியும். கேட்கிற முறை மூன்றுக்கும் ஒன்றுதான், அதே திருப்பிப் போட்ட முகவரி.

புதிய ஐபிவி6 முகவரிகளுக்கும் இதே முறைதான். ஆனால் அங்கே ஒவ்வொரு இலக்கமாகத் திருப்ப வேண்டும், 32 இலக்கங்கள். 2001:db8::1 என்ற சின்ன முகவரி இப்படியாகிறது:

```
1.0.0.0.0.0.0.0.0.0.0.0.0.0.0.0.
0.0.0.0.0.0.0.0.8.b.d.0.1.0.0.2
```

அகலத்துக்காக இரண்டாக மடித்திருக்கிறேன், ஒரே வரிதான். பெயர் நீண்டது பெரிய தொல்லையல்ல. அங்கே ஒரு சாதாரண வாடிக்கையாளருக்கே ஒதுக்கப்படும் முகவரிகளின் எண்ணிக்கை, பழைய முறையில் உலகத்துக்கே இருந்த மொத்த முகவரிகளைவிடப் பல கோடி மடங்கு. ஒரு மெயிலுக்கு ஒரு முகவரி என்று மாற்றிக்கொண்டே போனாலும் ஆயுளுக்கும் தீராது. அதனால் தனி வீட்டை விட்டுவிட்டு, ஒரு வாடிக்கையாளரின் மொத்தத் தெருவையும் ஒரே பதிவாகச் சேர்க்கிறார்கள். திருப்பிப் போட்ட வரிசை இங்கும் கைகொடுக்கிறது.

ஒரு பட்டியல் உயிரோடு இருக்கிறதா, பைத்தியம் பிடித்திருக்கிறதா என்று சோதிக்க ஆர்எஃப்சி 5782இலேயே வழி இருக்கிறது. 127.0.0.2 என்ற முகவரி எல்லாப் பட்டியலிலும் எப்போதும் இருக்க வேண்டும். 127.0.0.1 எப்போதும் இருக்கக்கூடாது. எங்கள் சர்வர் ஒவ்வொரு மணியும் இரண்டையும் கேட்கிறது:

```
$ host 2.0.0.127.bl.spamcop.net
$ host 1.0.0.127.bl.spamcop.net
```

முதலாவதற்குப் பதில் இல்லையென்றால் பட்டியல் செத்துவிட்டது. இரண்டாவதற்குப் பதில் வந்துவிட்டால் அது எல்லோரையும் குற்றவாளி என்கிறது. இரண்டில் எது நடந்தாலும் எனக்கு ஒரு எஸ்எம்எஸ் வரும். மெயில் அனுப்பச் சொல்லவில்லை, காரணம் புரிந்திருக்கும்.

செத்த பட்டியல் சும்மா கிடப்பதும் இல்லை. திறந்துகிடக்கும் மெயில் சர்வர்களைப் பட்டியலிட்ட ஓஆர்டிபி என்ற டென்மார்க் அமைப்பு 2006 டிசம்பரில் கடையை மூடியது. மூடிவிட்டோம், எங்கள் பெயரை உங்கள் சர்வர்களிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று அறிவித்தது. பலர் எடுக்கவில்லை. ஒரு வருடத்துக்கும் மேலாகக் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. 2008 மார்ச்சில், எந்த முகவரியைக் கேட்டாலும் ஆமாம் என்று பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அவரவர் மெயில் நின்றபோதுதான் அவரவர் சர்வரைத் திறந்து பார்த்தார்கள்.

போன மாதம் விருதுநகரில் ஒரு பழைய கமிஷன் கடையின் சர்வரைப் புதுசுக்கு மாற்றிக் கொடுக்கப் போயிருந்தேன். அமைப்புக் கோப்பின் நடுவில் relays.ordb.org என்ற வரி இன்னும் இருந்தது. முன்னால் ஒரு # போட்டு முடக்கியிருந்தார்கள். பக்கத்தில் யாரோ ஒருவர், மார்ச் 2008 என்று தேதியையும் அதற்குப் பிறகு மூன்று ஆச்சரியக்குறிகளையும் எழுதி வைத்திருந்தார்.